தசை கேட்கும் கேள்வி

நுழையும்முன்

பளு தூக்கினால் தசை வலுப்பெறும் என்பது யாவரும் அறிந்ததே. எனினும் ஒரே பளுவை ஆண்டுக்கணக்கில் தூக்கி வருபவரின் வலிமை ஓரிடத்தில் நின்றுவிடுவது ஏன்? பளுவே இல்லாத ஒருவர் வலிமையை வளர்த்துக்கொள்ள வழியுண்டா? இவ்வினாக்களுக்கு விடை தருவது ‘படிப்படியான மிகைச்சுமை’ என்னும் கோட்பாடு. தசையானது தான் பழகிய அளவைக் காட்டிலும் சற்றே மிகுதியாக உழைக்கும்படி பணிக்கப்படும்போதுதான் வளர்கிறது. பழகியபின் அப்பணி மீண்டும் உயர்த்தப்படவேண்டும் என்பதே அதன் சாரம்.

மருத்துவமனையில் பிறந்த முறை

இரண்டாம் உலகப்போரின் இறுதி ஆண்டுகளில் அமெரிக்காவின் சிகாகோ நகரிலிருந்த கார்டினர் இராணுவ மருத்துவமனை, முழங்காலில் காயமுற்ற வீரர்களால் நிரம்பியிருந்தது. அறுவை முடிந்து காயம் ஆறியபின்னும் அவர்களால் இயல்பாக நடக்க இயலவில்லை. நெடுநாள் அசைவின்றிக் கிடந்ததால் தொடையின் முன்புறத் தசைகள் மெலிந்து போயிருந்தன. மிகக் குறைந்த எடையைப் பலமுறை அசைக்கச் செய்வதே அந்நாளைய வழக்கம். நலிந்த தசைக்குப் பெருஞ்சுமை தீங்கு செய்யும் என்னும் அச்சம் மருத்துவரிடையே நிலவியது.

அங்குப் பணியாற்றிய தாமஸ் டிலோம் என்னும் இளம் மருத்துவர் வேறுவிதமாக எண்ணினார். இளமையில் முடக்குக் காய்ச்சலால் படுக்கையில் கிடந்து, பின்னர்ப் பளுதூக்கித் தம் உடலைத் தேற்றிக்கொண்டவர் அவர். நோயாளியை மேசையின் விளிம்பில் அமர்த்தி, அவரது பாதத்தில் இரும்பினாலான காலணி ஒன்றைக் கட்டி, அதில் எடைத்தட்டுகளைப் பொருத்தினார். தொங்கும் காலை நேராக நீட்டி இறக்குவதே பயிற்சி. ஒருவர் சரியாகப் பத்து முறை மட்டுமே தூக்கவல்ல எடை எதுவெனக் கண்டறிந்தார். அதனையே அளவுகோலாகக் கொண்டு, வாரந்தோறும் மீண்டும் சோதித்து, எடையை உயர்த்தினார். 1945ஆம் ஆண்டு இம்முறையை ஆய்வுக்கட்டுரையாக வெளியிட்டார்.

இதில் கருதத்தக்கது எடையின் மிகுதியன்று. எடை எந்த மனிதருக்கும் பொதுவாக நிர்ணயிக்கப்படவில்லை என்பதே. ஒருவருக்குப் பத்து முறை தூக்கவல்ல எடை ஐந்து கிலோவாக இருக்கலாம். மற்றொருவருக்கு இருபது கிலோவாக இருக்கலாம். அவரவர் இன்றைய எல்லையே அவரவர் தொடக்கம். அடுத்த வாரம் அந்த எல்லை நகர்ந்திருந்தால் சுமையும் நகரும்.

தொடக்கத்தில் ஓர் அமர்வில் எழுபது முதல் நூறு முறை வரை தூக்கச் செய்த டிலோம், அது தேவைக்கு மிகுதி எனப் பின்னர் உணர்ந்தார். 1948இல் ஆர்தர் வாட்கின்ஸ் என்பவரோடு இணைந்து எழுதிய கட்டுரையில் அதனை மூன்று சுற்றுகளாகக் குறைத்தார். பத்து முறை தூக்கவல்ல எடையில் பாதியைக் கொண்டு முதற்சுற்று. முக்காற்பங்கைக் கொண்டு இரண்டாம் சுற்று. முழு எடையைக் கொண்டு மூன்றாம் சுற்று. அவ்வெடை பத்து கிலோவாயின், சுற்றுகள் முறையே ஐந்து, ஏழரை, பத்து கிலோ என அமையும். முதலிரண்டும் உடலை ஆயத்தப்படுத்த, மூன்றாவதே தசையிடம் உண்மையான வினாவை எழுப்புகிறது. ‘மிகுதியாகக் கேள்’ என்பதற்கு ‘எல்லாவற்றையும் மிகுதியாகக் கேள்’ என்று பொருளன்று என்பது இத்திருத்தத்திலேயே விளங்கும்.

தசைக்குள் நிகழ்வது

ஒரு தசையிலுள்ள இழைகள் யாவும் எப்போதும் ஒருங்கே உழைப்பதில்லை. அவை சிறுசிறு குழுக்களாகப் பிரிந்து, ஒவ்வொரு குழுவும் ஒரு நரம்பணுவின் ஆணைக்குக் கட்டுப்பட்டிருக்கிறது. எழுதுகோலை எடுக்கும்போது சிறிய குழுக்கள் மட்டுமே அழைக்கப்படுகின்றன. நீர் நிரம்பிய குடத்தைத் தூக்கும்போது பெரிய குழுக்களும் சேர்ந்துகொள்கின்றன. சிறியவை முதலில், பெரியவை இறுதியில் என்பதே அழைப்பின் ஒழுங்கு. வளரும் ஆற்றல் மிகுந்தவை இறுதியில் அழைக்கப்படும் அப்பெரிய குழுக்களே. வேலை எளிதாக இருந்தால் அவற்றுக்கு அழைப்பே வராது. அழைக்கப்படாத இழைகள் வளர்வதற்கும் காரணமில்லை.

பெரிய குழுக்களை அழைக்க இரு வழிகள் உள்ளன. ஒன்று, தொடக்கத்திலேயே கனமான சுமையைத் தருதல். மற்றொன்று, நடுத்தரச் சுமையைத் தந்து, சிறிய குழுக்கள் களைத்துப்போகும் வரை தொடர்தல். அவை தளரத் தளர, அவற்றின் பணியை ஏற்கப் பெரியவை வந்து சேரும். இவ்விரண்டாம் வழி இருப்பதனால்தான், இரும்புத் தட்டுகள் இல்லாதவரும் வலிமை பெற முடிகிறது.

பயிற்சியின் முதற்சில வாரங்களில் வலிமை விரைந்து உயரும். ஆனால் தசையின் பருமன் ஏறத்தாழ அப்படியே இருக்கும். இக்காலத்தில் மாறுவது தசையைவிட நரம்பு மண்டலமே. இழைக்குழுக்களை ஒருங்கே அழைக்கவும், இடையூறு செய்யும் எதிர்த்தசைகளைத் தளர்த்தவும் அது கற்றுக்கொள்கிறது. அதன் பின்னரே இழைகள் மெல்லத் தடிப்பேறுகின்றன. ஒரு மாதம் பயின்று கண்ணாடியில் மாற்றம் காணாமல் பயிற்சியைக் கைவிடும் இளைஞர், தம் நரம்புகள் அதற்குள் கற்ற பாடத்தை அறியாமலே விட்டுவிடுகிறார்.

கிலோவை அறியாத தசை

தசைக்கு எடைக்கல் தெரியாது. தான் தாங்கவேண்டிய இழுவிசை எவ்வளவு, அதனை எவ்வளவு நேரம் தாங்கவேண்டும், எவ்வளவு நீண்ட நிலையில் தாங்கவேண்டும் என்பவையே அது உணர்பவை. ஆகவே சுமையைக் கூட்டுதல் என்பது எடையைக் கூட்டுதலோடு முடிவதன்று.

அதே எடையைக் கூடுதலான முறை தூக்கலாம், சுற்றுகளைக் கூட்டலாம், வாரத்தில் ஒரு நாளைச் சேர்க்கலாம். இவை எளிதில் விளங்குபவை. அசைவின் எல்லையை விரித்தல் என்னும் வழி பலராலும் மறக்கப்படுகிறது. பாதி வரை குந்தி எழும் பஸ்கிக்கும், தொடை தரைக்கு இணையாகும் வரை குந்தி எழும் பஸ்கிக்கும் உடல் எடை ஒன்றே. ஆனால் பின்னதில் தசை மிகவும் நீண்ட நிலையிலிருந்து உடலை உயர்த்தவேண்டியிருக்கிறது. தசை நீண்டிருக்கும் நிலையில் சுமையை ஏற்பது அதன் வளர்ச்சிக்குச் சிறந்த தூண்டுதலாகும்.

இறக்கும் வேகத்தைக் குறைப்பதும் ஒரு வழியே. எடையை ஏற்றுவதைக் காட்டிலும் கட்டுப்பாட்டோடு இறக்குவதில் தசை மிகுந்த ஆற்றல் உடையது. ஆயினும் பலர் ஏற்றிய எடையைத் தொப்பென விட்டுவிட்டு, உழைப்பில் பாதியை நிலத்துக்குக் கொடுத்துவிடுகின்றனர். மூன்று நொடிகளில் இறக்கினால் அதே எடை புதிய எடையாகிவிடும். இதனையும் அளவோடு கொள்ளவேண்டும். பத்து நொடி, பதினைந்து நொடி என நீட்டினால் சுமையைப் பெரிதும் குறைக்க நேரும். கேட்டது மிகுதிபோல் தோன்றிக் குறைந்துவிடும்.

சுற்றுகளுக்கிடையே ஓய்வைக் குறைத்தலும் பட்டியலில் சேர்க்கப்படுவதுண்டு. அது மூச்சையும் தாங்குதிறனையும் சோதிக்கும். வலிமையை நாடுபவருக்கு அது சிறந்த வழியன்று. ஓய்வு போதாதபோது அடுத்த சுற்றில் தூக்கும் முறைகள் குறைந்து, மொத்த உழைப்பே சுருங்கிவிடும்.

தெரிந்து தெளிவோம்

தமிழகச் சிற்றூர்களில் இளைஞர்களின் வலிமையைச் சோதிக்க வைக்கப்பட்ட உருண்டைக்கல் ‘இளவட்டக்கல்’ எனப்படும். கல்லின் எடை மாறாதது. ஆனால் அதனைத் தூக்குவதில் படிகள் இருந்தன. முதலில் தரையிலிருந்து முழங்கால் வரை, பின்னர் நெஞ்சு வரை, அதன்பின் தோள் வரை ஏற்றி, இறுதியில் தோளுக்குப் பின்புறமாகத் தள்ளவேண்டும். எடையை மாற்றாமல், அசைவின் எல்லையை விரித்துச் சுமையைக் கூட்டியமைக்கு இது நல்லதொரு சான்று.

தண்டாலும் நெம்புகோலும்

பயிற்சிக்கூடம் செல்ல வாய்ப்பில்லாத ஒரு மாணவரைக் கொள்வோம். அவரது எடை 50 கிலோ. தரையில் கைகளை ஊன்றி எடுக்கும் எளிய தண்டாலை அவரால் இரண்டு முறைக்கு மேல் எடுக்க இயலவில்லை. இத்தகையோரிடம் ‘தினமும் முயன்றுகொண்டே இரு’ என்று கூறுவது வழக்கம். அது போதிய அறிவுரையன்று. இரண்டு முறையில் நின்றுவிடும் பயிற்சியில் தசை பெறும் உழைப்பு மிகக் குறைவு. சுமையைக் குறைத்து, அவர் எட்டு முறையேனும் எடுக்கக்கூடிய நிலையைக் கண்டறிவதே முதற்பணி.

தண்டால் எடுக்கும் உடல் ஒரு நெம்புகோல். கால்விரல்கள் அதன் சுழல்புள்ளி. உடலின் எடை இடுப்பை ஒட்டிய பகுதியில் கீழ்நோக்கி இயங்குகிறது. அதில் ஒரு பங்கைக் கால்களும் எஞ்சிய பங்கைக் கைகளும் தாங்குகின்றன. கைகள் உயரமான இடத்தில் ஊன்றப்படும்போது உடல் நிமிர்ந்து, எடை கால்களின் பக்கம் சாய்கிறது. கைகளின் சுமை குறைகிறது. கால்கள் உயர்த்தப்படும்போது இது தலைகீழாகிறது.

இதனை அளந்து பார்த்துள்ளனர். கைகள் 60 செ.மீ. உயரத்தில் இருக்கும்போது அவை தாங்குவது உடல் எடையில் ஏறத்தாழ 41 விழுக்காடு. உயரம் 30 செ.மீ. ஆனால் 55 விழுக்காடு. கைகளும் கால்களும் தரையில் இருக்கும்போது 64 விழுக்காடு. கால்களை 30 செ.மீ. உயர்த்தினால் 70, 60 செ.மீ. உயர்த்தினால் 74. நம் மாணவருக்கு இவை முறையே ஏறத்தாழ 20, 27, 32, 35, 37 கிலோ ஆகின்றன. ஒரு மேசையும் ஒரு படிக்கட்டும் ஐந்து எடைத்தட்டுகளின் பணியைச் செய்துவிடுகின்றன.

அவர் 60 செ.மீ. உயரமுள்ள உறுதியான மேசையில் தொடங்குகிறார். திங்கள், புதன், வெள்ளி ஆகிய நாள்களில் மூன்று சுற்றுகள். சுற்றுகளுக்கிடையே இரண்டு நிமிட ஓய்வு. முதல் நாள் அவர் எடுத்தவை 8, 7, 6; மொத்தம் 21. மூன்று சுற்றிலும் 12 முறை எட்டும் வரை மேசையை மாற்றுவதில்லை என்பது விதி. அடுத்த அமர்வில் 8, 8, 7. அதற்கடுத்து 9, 8, 7. ஓர் அமர்வில் ஒன்றிரண்டு கூடினாலே போதும். சில வாரங்களில் 12, 12, 12 என்னும் இலக்கு நிறைவேறுகிறது; மொத்தம் 36.

இப்போது அடுத்த உயரத்துக்குச் செல்லலாம். ஆனால் 20 கிலோவிலிருந்து 27 கிலோ என்பது மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான தாவல். அதற்குப் பின்வரும் தாவல்களோ வரவரச் சிறியவை. எனவே முதற்படியில் மட்டும் இடையே 45 செ.மீ. உயரமுள்ள ஒரு திண்ணையைச் சேர்த்துக்கொள்வது நலம். உயரம் குறைந்ததும் எண்ணிக்கை மீண்டும் 8, 7, 6 என வீழும். இவ்வீழ்ச்சி கண்டு மனம் தளரவேண்டியதில்லை. 36 முறை 21 ஆகக் குறைந்ததால் மொத்த உழைப்பு குறைந்ததே உண்மை. ஆயினும் ஒவ்வொரு முறையிலும் தசை ஏற்கும் இழுவிசை உயர்ந்துள்ளது. எண்ணிக்கை மெல்ல ஏறி, மீண்டும் 12ஐ எட்டும்போது இரண்டும் உயர்ந்திருக்கும். முதலில் முறைகளையும், பின்னர்ச் சுமையையும் மாறிமாறி உயர்த்தும் இம்முறை, டம்பெல் முதலிய கருவிகளுக்கும் அப்படியே பொருந்தும்.

ஒரே நேரத்தில் உயரத்தையும் சுற்றுகளையும் நாள்களையும் மாற்றுவோர் உண்டு. முன்னேற்றம் நின்றால் எது காரணம் என அவர்களால் அறிய இயலாது. ஒரு வேளையில் ஒன்றையே மாற்றவேண்டும். தேதி, உயரம், எண்ணிக்கை ஆகிய மூன்றையும் குறித்துவைக்க ஒரு பழைய குறிப்பேடு வேண்டும். நினைவு எப்போதும் சற்றுக் கூட்டியே சொல்லும்.

பொய்க்கணக்கு

குறிப்பேட்டிலும் பொய் நுழையக்கூடும். பன்னிரண்டாவது முறையில் இடுப்பு தொய்ந்து, மார்பு பாதி வழியே இறங்கித் திரும்பினால், எண்ணிக்கை கூடியிருக்கும், உழைப்பு கூடியிராது. அசைவின் எல்லை சுருங்கியதால் தசையிடம் கேட்கப்பட்டது குறைந்திருக்கும். மார்பு மேசையின் விளிம்பைத் தொடுவதும், குதிகாலிலிருந்து தோள்வரை உடல் ஒரே கோடாக இருப்பதும் கணக்கில் சேர்வதற்கான அடையாளங்கள். அவை தவறிய முறையை எண்ணலாகாது. அருகில் ஒரு நண்பர் நின்று எண்ணுவது இதற்கு எளிய தீர்வு.

கேட்பதன் எல்லை

தசை பயிற்சியின்போது வளர்வதில்லை. பயிற்சிக்குப் பின்னரே வளர்கிறது. கடினமான அமர்வுக்குப் பிறகு ஓரிரு நாள்கள் வரை இழைகளில் புரதச்சேர்க்கை உயர்ந்த அளவில் நிகழ்கிறது. உணவும் உறக்கமும் அதற்கான பொருள்கள். இடைவெளி தராமல் மறுநாளே அதே தசையை வருத்துபவர், சுவரைக் கட்டிய ஈரம் காயுமுன் அடுத்த வரிசையை ஏற்றுகிறார்.

எலும்போடு தசையைப் பிணைக்கும் தசைநாண்கள் தசையைக் காட்டிலும் மெதுவாகவே வலுப்பெறுகின்றன. அவற்றில் குருதியோட்டம் குறைவு. ஆகவே தசை ‘முடியும்’ என்று சொல்லும் நாளில் தசைநாண் ‘பொறு’ என்று சொல்லலாம். அக்குரலை அறிவது கடினமன்று. பயிற்சிக்கு மறுநாளோ அதற்கடுத்த நாளோ தசை முழுதும் பரவித் தோன்றி, மூன்று நாள்களுக்குள் மறையும் மந்தமான வலி இயல்பானது. முழங்கை, தோள், முழங்கால் முதலிய மூட்டுகளில், ஒரு விரலால் சுட்டிக்காட்டத்தக்க இடத்தில் தோன்றும் கூரிய வலி இயல்பானதன்று. அப்பயிற்சியை அன்றே நிறுத்தவேண்டும். அடுத்தடுத்த இரண்டு அமர்வுகளில் எண்ணிக்கை ஏறாமல் இறங்கினால், அது சோம்பலின் அறிகுறியன்று. ஓய்வு போதவில்லை என்பதன் அறிகுறி. ஒரு வாரம் சுற்றுகளைப் பாதியாக்கிப் பின் தொடரலாம்.

‘படிப்படியான’ என்னும் அடைமொழி அழகுக்காகச் சேர்க்கப்பட்டதன்று. பழக்கமில்லாத ஒருவரை ஒரே நாளில் நூற்றுக்கணக்கான பஸ்கிகள் எடுக்கச்செய்தால், தசை இழைகள் பெருமளவில் சிதைந்து, அவற்றின் உட்பொருள்கள் குருதியில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கக்கூடும். தொடைகளில் தாங்கொணா வலியும் வீக்கமும் தோன்ற, சிறுநீர் தேநீர் நிறத்தில் கழியும். இந்நிலையில் காலந்தாழ்த்தாது மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். பயிற்சியைத் தண்டனையாக வழங்குவோர் இதனைக் கட்டாயம் அறிந்திருக்கவேண்டும்.

கி.மு. ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மல்லர் மைலோவைப் பற்றி ஒரு கதை உண்டு. அவர் கன்று ஒன்றை நாள்தோறும் தோளில் சுமந்தாராம். கன்று வளர வளர அவர் வலிமையும் வளர்ந்து, இறுதியில் முழுக்காளையையே சுமந்தாராம். கோட்பாட்டை விளக்க இதனினும் எளிய கதை இல்லை. ஆனால் அதன் கணக்கு பொருந்தாது. கன்றின் எடை மாதந்தோறும் ஏறும். மனிதத் தசையோ அந்த வேகத்தில் என்றும் ஏறுவதில்லை. வாரம் இரண்டரை கிலோ கூட்டுவதாகக் கொண்டால் ஓராண்டில் 130 கிலோ கூடியிருக்கவேண்டும். அடுத்த ஆண்டும் அவ்வாறே. யாராலும் அவ்வாறு நெடுநாள் தொடர இயலாது. தொடக்கநிலையினர் அமர்வுக்கு அமர்வு உயர்வர். சில மாதங்கள் கழிந்தால் வாரக்கணக்கிலும், பின்னர் மாதக்கணக்கிலும் உயர்வு நிகழும். எடையைக் கூட்ட இயலாத அக்காலத்தில்தான், முறைகள், அசைவின் எல்லை, இறக்கும் வேகம் ஆகிய பிற வழிகள் மிகவும் பயன்படுகின்றன.

ஏறிய படியில் நிற்பதற்கோ ஏறுவதற்கு வேண்டிய உழைப்பு முழுவதும் வேண்டியதில்லை. தேர்வு நெருங்கும் மாதத்தில் வாரம் மூன்று நாள் பயில இயலாத மாணவர், தாம் எட்டியிருக்கும் அதே உயரத்தில், வாரம் ஒரு நாள் மூன்று சுற்றுகள் எடுத்துவந்தால் வலிமையின் பெரும்பகுதி குறையாமலிருக்கும். நாள்களைக் குறைக்கலாம், உயரத்தைக் கூட்டிச் சுமையை எளிதாக்கிவிடக் கூடாது. தேர்வு முடிந்த திங்கட்கிழமை, குறிப்பேட்டின் கடைசி வரியிலிருந்து அவர் தொடரலாம்.